பழைய வீட்டின் கனெக்‌ஷனிலேயே புது வீடு கட்டலாமா?

"தண்டையார்பேட்டையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு எனக் கட்டப் போகிறோம். இ.பி. கனெக்‌ஷன் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. 'அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கலாம், தனியா எதுக்கு?' என்கிறார் மேஸ்திரி. டெம்பரரி சர்வீஸ் வாங்கியே ஆக வேண்டுமா? வாங்கினால் எவ்வளவு லோடு கேட்பது?"

மேஸ்திரி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குடியிருக்கும் வீட்டோடு ஓர் அறையோ மாடியோ சேர்த்துக் கட்டும்போது, அந்தக் கூடுதல் கட்டுமானம் 2,000 சதுர அடிக்குள் இருந்தால், வீட்டுக் கனெக்‌ஷனையே பயன்படுத்தலாம். உங்கள் நிலைமை அதுவல்ல. வீட்டையே இடித்துவிட்ட பிறகு அங்கே குடியிருப்பு கிடையாது. மீட்டரில் ஓடுவது முழுக்கக் கட்டுமான மின்சாரம், அதற்கு உரியது தற்காலிக மின்சாரத்துக்கான ஆறாம் எண் டாரிஃப். யூனிட் விலை 12 ரூபாய்க்கு மேல். வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் இதில் இல்லை.

விலையைப் பார்த்துத்தான் பலரும் வீட்டு டாரிஃபிலேயே ஓட்டிவிடப் பார்க்கிறார்கள். மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி, அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரம் எடுத்தால், உரிய டாரிஃபைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். எந்தத் தேதியிலிருந்து அப்படி எடுத்தீர்கள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்கும் கணக்கிடுவார்கள். கட்டட வேலை 6 மாதமாக மாதம் 150 யூனிட் வீதம் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றே போட்டாலும் 900 யூனிட்டுக்கு இரண்டு மடங்கில் 21,600 ரூபாய் ஆகிறது. அதற்கு முந்தைய 6 மாதம் நீங்கள் குடும்பத்தோடு வாழ்ந்து மாதம் 200 யூனிட் செலவழித்த காலம். இடித்த தேதிக்கு உங்களிடம் ஆதாரம் இல்லையென்றால் அந்த 1,200 யூனிட்டும் இதே விலையில் சேர்ந்து, இன்னொரு 28,800 ரூபாய் ஏறிவிடும். ஆகவே எந்த வழியில் போனாலும், இடிக்கத் தொடங்கும் அன்று வீட்டையும் மீட்டர் ரீடிங்கையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் இதே பிரிவின் கீழ் நோட்டீஸ் அந்த வீட்டுக்காரருக்குப் போகும். அவரை இதில் இழுத்துவிட வேண்டாம்.

பழைய கனெக்‌ஷனை என்ன செய்வது? அதை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக டெம்பரரி சர்வீஸுக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது அதையே கட்டுமான டாரிஃபுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வீட்டு டாரிஃபுக்குக் கொண்டுவரலாம். உங்கள் பகுதிக்கு இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். வடசென்னையின் பழைய தெருக்களில் பெரும்பாலும் மின்சாரம் பூமிக்கடியில் கேபிளாக, தெருமுனை பில்லர் பாக்ஸிலிருந்து வருகிறது. கனெக்‌ஷனை ஒப்படைத்துவிட்டுப் புதிதாகக் கேட்டால், மறுபடி கேபிள் செலவு, அதற்கு மாநகராட்சியிடம் சாலை வெட்ட அனுமதி என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இருக்கிற கேபிளைக் காப்பாற்றிக்கொண்டால் அவ்வளவும் மிச்சம்.

அதற்கு முன்னால் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். கட்டட அனுமதி உங்கள் பெயரிலும் கனெக்‌ஷன் அப்பா பெயரிலும் இருந்தால், டாரிஃப் மாற்றத்தில் ஒரு முறை, வேலை முடிந்து திரும்ப மாற்றும்போது ஒரு முறை, மாடி வீட்டுக்குப் புதுக் கனெக்‌ஷன் கேட்கும்போது ஒரு முறை என்று அதே கேள்வி வந்து நிற்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், சொத்து வரி ரசீது இவற்றை வைத்து ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பில் பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. பிறகு கட்டட அனுமதி, வரைபட நகல், அடையாளச் சான்று ஆகியவற்றோடு உங்கள் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளரைப் பார்த்து, "இடித்துக் கட்டுகிறேன், இந்த எண்ணுள்ள இணைப்பைக் கட்டுமான டாரிஃபுக்கு மாற்றி, மீட்டரை மதில் ஓரத்துக்கு நகர்த்தித் தர வேண்டும்" என்று ஒரே மனுவில் கேளுங்கள். நகர்த்துவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. என்ன தொகையானாலும் எழுத்தில் கேட்டு, கவுன்டரிலோ ஆன்லைனிலோ கட்டி, ரசீது வாங்குங்கள்.

இந்த நகர்த்தல் வேலை இடிப்பதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். இடிக்க வரும் ஆட்கள் பழைய சுவரோடு சேர்த்து மீட்டரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிடுவதும், ஜேசிபி அஸ்திவாரக் குழி எடுக்கும்போது கேபிளைச் சிராய்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. மீட்டரைக் கழற்றும் உரிமை வாரிய ஊழியருக்கு மட்டும்தான். சிராய்த்த கேபிள் அன்றைக்கு ஒன்றும் காட்டாது. கடலோர மண்ணின் உப்பீரம் உறை கிழிந்த இடத்தில் மெல்ல இறங்கி, ஐப்பசி மழையில் ஒரு நாள் பில்லர் பாக்ஸில் பியூஸ் போக ஆரம்பிக்கும். போட்டால் போகும், வெயில் வந்தால் நிற்கும். மழைக்கும் பியூஸுக்கும் இப்படித் தொடர்பு தெரிந்தால் கேபிளில்தான் பழுது என்று புரிந்துகொள்ளலாம். கேபிள் உள்ளே வரும் வழியை இடிப்பதற்கு முன்பே வாரிய ஊழியரிடம் கேட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பட்டையில் கையால் மட்டும் தோண்டச் சொல்லுங்கள்.

இனி லோடு. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ், அதற்கு மேல் போனால் மூன்று ஃபேஸ். 1.5 எச்.பி. போர் மோட்டார் 1.1 கிலோவாட், கான்கிரீட் வைப்ரேட்டர் 1 எச்.பி. என்றால் 0.75, டைல்ஸ் கட்டர் 1.2, விளக்குகளும் காவலாளி கொட்டகையும் சேர்த்து 0.3. மொத்தம் 3.35 கிலோவாட். கலவை மெஷின் பெரும்பாலும் டீசலில் ஓடுவதால் கணக்கில் வராது. இதுவரை 4 கிலோவாட்டுக்குள் அடங்குகிறது. இதில் 2 கிலோவாட் கம்பி வெட்டும் மெஷினையோ வெல்டிங் மெஷினையோ சேர்த்தால்தான் எல்லை தாண்டுகிறது. கம்பியை வெட்டி, வளைத்துத் தரும் கடையில் வாங்கலாம். கிரில், கேட் வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு வந்து பொருத்தலாம். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டுக்கு இதுவே போதும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 8 கிலோவாட் கேட்காதீர்கள். ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதந்தோறும் நிலைக் கட்டணம் ஏறும், வேலை நடக்காத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். ஆனால் லோடை அனுமதிக்கு மேல் ஏற்றவும் கூடாது. இப்போதைய மீட்டர் உச்ச அளவைப் பதிந்து வைத்துக்கொள்ளும். வெல்டிங்கைச் சைட்டிலேயே செய்வேன் என்று ஒப்பந்ததாரர் பிடிவாதமாகச் சொன்னால், அதை முதலிலேயே எழுத்தில் வாங்கி மூன்று ஃபேஸுக்குக் கேளுங்கள். மாடி வீட்டுக்கும் ஏசி எல்லாம் சேர்த்து 4 கிலோவாட்டைத் தாண்டப்போகிறீர்கள் என்றாலும் அப்படியே.

மீட்டருக்குத் தெருவை ஒட்டி, லாரி உரசாத மூலையில் செங்கல் தூண் ஒன்று கட்டி, மேலே மழை படாத கூரை போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, பெட்டியின் அடிப்பாகம் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

மீட்டருக்குப் பின்னால்தான் உயிருக்கு ஆபத்தான தவறு நடக்கிறது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருப்பார்கள், எர்த்தும் அடித்திருப்பார்கள். ஆனால் அங்கிருந்து வைப்ரேட்டருக்கும் கட்டருக்கும் போகும் ஒயர் இரண்டு கோர்தான். எர்த் கம்பி இல்லை. மெஷினின் உலோக உடம்பில் மின்கசிவு ஏறினால் அது பூமிக்குப் போக வழியில்லாமல், ஈரக் கான்கிரீட்டில் நிற்கும் தொழிலாளி தொடும் வரை காத்திருக்கும். ஆகவே 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயரும் மூன்று பின் பிளக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒயரைத் தரையில் போடாமல் சாரக் கம்பில் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நீள ரீல் போட்டால் வோல்டேஜ் குறைந்து, மோட்டார் சுற்றாமல் உறுமும். அப்படி உறுமுவதைக் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் காயில் எரிந்துவிடும்.

எர்த்துக்கு 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய், அதைச் சுற்றிக் கரியும் உப்பும். உப்பு மண்ணில் மேலே உள்ள நட்டும் போல்ட்டும்தான் முதலில் துருப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அசைத்துப் பாருங்கள். ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கினால் சுவிட்ச் விழ வேண்டும். விழுந்தால் ஆர்சிசிபி வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது, அதை எலெக்ட்ரீஷியன் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால், அதைத் தாண்டி நேராக ஒயர் கொடுக்க ஆள் தயாராக இருப்பார். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, சுவிட்சைப் போட்டு, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதில்தான் கசிவு. பெரும்பாலும் நனைந்த வைப்ரேட்டராகவோ, தண்ணீரில் கிடந்த ஜாயின்டாகவோ இருக்கும். ஒன்றுமே செருகாதபோதும் விழுந்தால் ஒயரிங்கில் பழுது.

வீடு முடிந்ததும் டாரிஃபைத் திரும்ப மாற்ற உடனே மனு கொடுங்கள். கிரகப்பிரவேசம் முடித்துக் குடியேறிய பிறகும் மாதக்கணக்கில் 12 ரூபாய்க்கு மேல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். உங்களுடையதைப் போல இரண்டே வீடுகள் உள்ள சிறிய குடியிருப்புக்குக் கனெக்‌ஷன் தரக் கட்டட நிறைவுச் சான்று தேவையில்லை. அந்த மனுவோடு சேர்த்தே மாடி வீட்டுக்குத் தனிக் கனெக்‌ஷன் கேட்கலாம். அதற்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருக்க வேண்டும், ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். டாரிஃப் மாறும் நாளின் ரீடிங்கை மட்டும் மறக்காமல் படம் எடுங்கள். அடுத்த பில்லில் பழைய விலைக்கும் புது விலைக்கும் எல்லை அந்த எண்.