காரைக்குடி மாடி வீட்டுக்கு எவ்வளவு வாடகை கேட்கலாம்

கேள்வி: காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில் எங்கள் வீட்டு மாடியை முதல்முறையாக வாடகைக்கு விடப் போகிறோம். இரண்டு படுக்கையறை, சுமார் 900 சதுர அடி, தனி மீட்டர் உண்டு, கார் நிறுத்த இடம் இல்லை. அட்வான்ஸ் 50,000 வாங்கலாம் என்றிருக்கிறோம். பக்கத்து வீட்டார் 12,000 கேளுங்கள் என்கிறார். புரோக்கர் 8,000தான் போகும் என்கிறார். எது நியாயம்?

பதில்: இரண்டு பேரிடமும் எந்த வீட்டை வைத்து அந்தத் தொகையைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டார் கார் ஷெட்டோடு இருக்கும் ஒரு கீழ்வீட்டை நினைத்திருக்கலாம். புரோக்கர் சப்மீட்டர் வைத்த மாடிப் போர்ஷனை நினைத்திருக்கலாம். இரண்டுமே உங்கள் வீடு இல்லை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலரின் வீடுகளை இங்கே வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்பவன் நான். எப்படிக் கணக்குப் போடுகிறேன் என்று சொல்கிறேன்.

உங்கள் தெருவைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் டூலெட் போர்டு தொங்கும் வீடுகளையும், இணையத்தில் வந்திருக்கும் விளம்பரங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் பாதியைக் கழித்துவிட வேண்டியிருக்கும். ஒரே வீட்டை மூன்று புரோக்கர்கள் மூன்று விலையில் போட்டிருப்பார்கள். ஜன்னல் கம்பியும் தரை டைல்ஸும் ஒன்றாக இருந்தால் அது ஒரே வீடுதான். அழகப்பா பல்கலைக்கழகம் பக்கம் நாலு மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டின் வாடகை தலைக்கு இவ்வளவு என்று போட்டது, குடும்ப வாடகையோடு அது சேராது. ஒத்திக்கு விடும் வீடு வேண்டாம். படப்பிடிப்புக்கு நாள் வாடகையில் விடும் பெரிய செட்டிநாட்டு வீடுகளும் வேண்டாம். பத்து வருஷமாகக் குடியிருப்பவர் கொடுக்கும் பழைய வாடகையும் இன்றைய நிலவரத்தைச் சொல்லாது.

மிச்சமிருப்பதிலும் போர்டில் சொல்லும் தொகை வேறு, பேசி முடிந்த தொகை வேறு. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே எண்ணுக்குப் போன் போட்டு, “வீடு முடிஞ்சிருச்சாங்க? எவ்வளவுக்கு முடிஞ்சது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். மாதக்கணக்கில் போர்டு தொங்கினால் விலை அதிகம் என்று அர்த்தம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அந்த மாதங்களில் காலியாகக் கிடப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இனி ஒப்பிடுவது. உங்கள் வீட்டில் இல்லாத வசதி அந்த வீட்டில் இருந்தால் அதன் வாடகையிலிருந்து கழிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது அங்கே இல்லையென்றால் கூட்ட வேண்டும். அந்த வீட்டை உங்கள் வீடு மாதிரி ஆக்கிப் பார்ப்பதுதான் வேலை. மூன்று வீடுகளை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, உங்கள் தெருவில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கீழ்வீடு. அதே அளவு, கார் நிறுத்தலாம், அட்வான்ஸும் 50,000தான். 12,000 கேட்டு 11,000க்கு முடிந்தது. கீழுக்கும் மாடிக்கும் என்ன வித்தியாசம் என்று குத்துமதிப்பாகப் போடக் கூடாது. ஒரே காம்பவுண்டில் கீழும் மேலும் ஒரே பிளானில் கட்டி, இரண்டையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்றைத் தேடுங்கள். கீழே 10,000, மேலே 9,000 என்றால், உங்கள் பகுதியில் மாடிப்படிக்கும் சித்திரை வெயிலில் காயும் மொட்டை மாடிக்கும் சேர்த்து மாதம் 1,000 குறைகிறது என்று தெரிந்துவிடும். இதே மாதிரி ஜோடி பார்த்து, கார் இடத்துக்கு 700 என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 11,000லிருந்து இரண்டையும் கழித்தால் 9,300.

இரண்டாவது வீடு உங்கள் தெருவிலேயே இருக்கும் மாடி. அதே அளவு, அதே அட்வான்ஸ், கார் இடம் கிடையாது. 8,500க்கு முடிந்தது. புரோக்கர் சொல்லும் 8,000 இந்த மாதிரி வீட்டிலிருந்துதான் வந்திருக்கும். ஆனால் அங்கே சப்மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடினால் குடித்தனக்காரருக்கு 3,000 ரூபாய். தனி மீட்டரில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த படியும் குறைந்த கட்டணம், அதனால் அதே 300 யூனிட்டுக்கு ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 2,000 என்றால் மாதம் 1,000. வாடகை குறைவு மாதிரித் தெரிந்தாலும் குடித்தனக்காரருக்கு அது தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு 9,500 கொடுப்பதற்குச் சமம். இங்கே வாடகையை ஒப்பிடும்போது கரண்ட் பில்லைக் கேட்காமல் இருந்தால் கணக்கு மொத்தமும் தப்பாகப் போகும்.

மூன்றாவது செக்காலை பக்கம் புதிதாகக் கட்டிய மாடி. 10,500 கேட்கிறார்கள், அட்வான்ஸ் 1,50,000. நீங்கள் வாங்கப்போவதைவிட ஒரு லட்சம் அதிகம். பேங்க் டெபாசிட்டில் 6 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 6,000, மாதம் 500. அந்த வட்டியைக் குடித்தனக்காரர் இழக்கிறார், ஆகவே 500 கூட்டுகிறேன். புதுக் கட்டடம் என்பதற்கு 1,000 கழிக்கிறேன். 10,000 வருகிறது. ஆனால் இது இன்னும் முடியாத விலை, ஏரியாவும் வேறு. இதை மேல் எல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். எந்த வீட்டில் கூட்டல் கழித்தல் குறைவோ அதை அதிகம் நம்புங்கள். இங்கே இரண்டாவது வீட்டில் ஒரே ஒரு திருத்தம்தான், அதுவும் யூனிட் கணக்கில் வந்தது. முதல் வீடும் அதற்குப் பக்கத்தில் வருகிறது. இந்தக் கணக்குப்படி நான் 9,500 என்று போடுவேன், 9,300க்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கும் வழியை நான் நம்புவதில்லை. விளம்பரத்தில் வரும் அளவில் மாடிப்படியும் பால்கனியும் சேர்ந்திருக்கும். அப்புறம், 600 அடி வீட்டுக்கும் 900 அடி வீட்டுக்கும் வாடகை அதே விகிதத்தில் ஏறாது, ஏனென்றால் சமையலறையும் குளியலறையும் இரண்டிலும் உண்டு. அறை எண்ணிக்கை ஒன்றாக உள்ள வீடுகளையே ஒப்பிடுங்கள்.

12,000 கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றும். அதற்காக வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் 28,500 ரூபாய் போய்விடும். கடைசியில் 12,000க்கே ஆள் வந்தாலும் மாதம் 2,500தான் கூடுதல், பதினோரு மாத அக்ரிமெண்ட் முழுவதும் சேர்த்தால் 27,500.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த முறை இவ்வளவு சுலபமாக வராது. வாடகைக்கு வரும் வீடே குறைவு, ஜோடி கிடைப்பது இன்னும் அரிது. அங்கே கடந்த ஒரு வருஷத்தில் குடிவந்தவர்களை விசாரித்து, முடிந்த வாடகையை வாங்குங்கள். காரைக்குடி விலையைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள்.