கிருமி தொண்டையில், வலி தொடையில்: ஃப்ளூவின் முதல் இரண்டு நாட்கள்

*டாக்டர், எனக்கு வயது 36. போன வாரம் ஃப்ளூ வந்தது. தொண்டை கொஞ்சம்தான் கரகரத்தது. ஆனால் 102 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகும் தொடையும் அடித்துப் போட்ட மாதிரி வலி. கிருமி தொண்டையில்தானே இருக்கிறது, உடம்பு முழுக்க ஏன் வலிக்கிறது? எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கினால் கிருமிக்கு வசதியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?*

உங்கள் தொடைத் தசையில் ஃப்ளூ வைரஸ் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்களில்தான் அது பெருகும். ரத்தத்தில் அதைக் காண்பதே அரிது. தொடையில் வலியை உண்டாக்கியவை உங்கள் உடம்பே சுரந்த பொருள்கள். அவற்றில் முக்கியமானது இண்டர்ஃபெரான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்று மாத்திரை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இண்டர்ஃபெரான் ஊசிதான் முக்கிய சிகிச்சை. அந்த ஊசி போட்ட சில மணி நேரத்தில் நோயாளிக்குக் குளிரும், காய்ச்சல் ஏறும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் இருக்கும். ஃப்ளூ வைரஸ் ஒன்றுகூட உள்ளே போகவில்லை, ஆனால் ஃப்ளூ வந்தவர் போலவே படுத்துக்கிடப்பார். அதனால்தான் ஊசியை ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளவும், கூடவே ஒரு பாராசிட்டமால் எடுக்கவும் சொல்வார்கள். ஃப்ளூவின் தொல்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நம்முடைய எதிர்ப்பின் தொல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, தொண்டையில் என்ன நடந்தது? வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கத் தொடங்குகிறது. அந்த ஆர்.என்.ஏ.வின் நுனி நம் செல்லின் ஆர்.என்.ஏ. நுனி மாதிரி இருக்காது. செல்லுக்குள் இருக்கும் ரிக்-ஐ என்ற புரதம் அந்த வித்தியாசமான நுனியைப் பிடித்துக்கொள்கிறது. உடனே செல் இண்டர்ஃபெரானைச் சுரந்து வெளியே விடுகிறது. அதைச் சுரந்த செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பயனடைவது அக்கம்பக்கத்துச் செல்கள். அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் இண்டர்ஃபெரான் போய் ஒட்டியதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. ஒரு புரதம் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்க ஏற்பாடு செய்கிறது. இன்னொன்று செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்தத் தயாராக நிற்கிறது. உற்பத்தி நின்றுவிட்டால் வைரஸும் தன் புரதத்தைச் செய்துகொள்ள முடியாது. 1957-இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மனும் இண்டர்ஃபெரானைக் கண்டுபிடித்ததும் ஃப்ளூ வைரஸை வைத்துத்தான். சூடாக்கிச் செயலிழக்கச் செய்த வைரஸைக் கோழி முட்டையின் சவ்வில் சேர்த்தார்கள். அந்தச் சவ்வு இருந்த திரவத்தை எடுத்துப் புதிய சவ்வில் விட்டபோது, அதில் உயிருள்ள வைரஸால் சரியாகப் பெருக முடியவில்லை.

இதெல்லாம் சில மணி நேரத்தில் நடக்கிற வேலை. அந்த வைரஸுக்கென்றே செய்யப்படும் ஆன்டிபாடி முதல் தடவை உருவாகி வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதுவரை வைரஸைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இண்டர்ஃபெரானுக்கு. வைரஸும் சும்மா இருப்பதில்லை. ஃப்ளூ வைரஸிடம் என்.எஸ்.1 என்ற புரதம் இருக்கிறது, அது இந்த எச்சரிக்கையை அமுக்கிப் பார்க்கும். தொற்றிய பிறகு ஓரிரு நாள் நீங்கள் ஒன்றும் தெரியாமல் நடமாடியதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் வரும்போது மொத்தமாக வரும். "மத்தியானம் மூன்று மணிக்குக் குளிர ஆரம்பித்தது" என்று நேரம் சொல்லும் நோயாளிகள் ஃப்ளூவில்தான் அதிகம்.

இண்டர்ஃபெரானும் அதோடு சுரக்கும் ஐ.எல்-1, ஐ.எல்-6 போன்ற தூதுப்பொருள்களும் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகின்றன. அங்கே ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் செய்கின்றன. அது மூளையில் உடம்புச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸைத் தொட்டதும், உடம்புக்கு வேண்டிய சூடு என்று ஹைப்போதலாமஸ் வைத்திருந்த அளவு 98.6-லிருந்து 102-க்கு உயர்கிறது. அந்த நிமிடம் உங்கள் உடம்பு 99-இல் இருந்தால், ஹைப்போதலாமஸின் கணக்கில் அது குளிர்ந்து கிடக்கிறது. சூட்டை வெளியே விடாமலிருக்கத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. நெற்றி கொதிக்கும்போது உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருப்பது இதனால்தான். 102-ஐத் தொட்டதும் நடுக்கம் நிற்கும். அளவு மறுபடி கீழே இறங்கும்போது குப்பென்று வேர்க்கும்.

தசை வலிக்கும் இதே பொருள்கள்தான் காரணம். புரோஸ்டாகிளாண்டின் தசையிலுள்ள வலி நரம்புகளின் நுனியை உஷாராக்கிவிடுகிறது. சாதாரண நாளில் உறைக்காத அசைவுகூட அப்போது வலியாகத் தெரியும். திரும்பிப் படுத்தால் முதுகு வலித்திருக்குமே, அது இதுதான். இண்டர்ஃபெரான் வலி நரம்புகள் மீது நேரடியாகவும் வேலை செய்வதை எலிச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, கடுமையான உடம்புவலி எதிர்ப்பு சக்தி குறைந்ததற்கு அடையாளம் அல்ல. இண்டர்ஃபெரான் வேலை செய்யாதவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. கொரோனாவில் உயிருக்கு ஆபத்தான நிமோனியா வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் ரத்தத்தில், தங்கள் சொந்த இண்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி இருந்ததை 2020-இல் கண்டுபிடித்தார்கள். அதற்காக, வலி அதிகம் என்றால் எதிர்ப்பு அதிகம் என்றும் கணக்குப் போட வேண்டாம். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே ஃப்ளூ வந்தால் வலி வேறு வேறாக இருப்பது சகஜம்.

பாராசிட்டமால் தடுப்பது புரோஸ்டாகிளாண்டினை. தொண்டையில் இண்டர்ஃபெரான் செய்யும் வேலையில் அது குறுக்கே வருவதில்லை. சூடு ஏறினால் சில வைரஸ்களின் பெருக்கம் மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் சாதாரண ஃப்ளூவில் மாத்திரை போட்டவர்களுக்கு நோய் நீண்டது என்று தெளிவாக நிரூபணமாகவில்லை. தூங்க முடியாமல், தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் கிடப்பதைவிட 650 மி.கி. மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. ஈரல் நோய் இல்லாத பெரியவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது, அட்டையைப் பார்த்து அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மாத்திரையின் வேகம் தணிந்ததும் காய்ச்சல் திரும்ப ஏறும். தொண்டையில் சண்டை முடியாதவரை அப்படித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து மருந்தை மாற்ற வேண்டாம்.

வலி தாங்கவில்லை என்று டைக்ளோஃபெனாக் ஊசியோ இபுபுரோஃபெனோ கேட்டு வாங்காதீர்கள். டெங்குவும் முதல் இரண்டு நாள் இதே மாதிரிதான் வலிக்கும், அதில் இந்த மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், விட்டுப் போய் இரண்டு நாள் கழித்து இருமலோடு திரும்பும் காய்ச்சல், மூச்சு வாங்குதல், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும், இவற்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, தசையே நிஜமாகப் பாதிக்கப்படும் சந்தர்ப்பமும் உண்டு. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஃப்ளூ பி வகையில், காய்ச்சல் குறையும் நேரத்தில் கெண்டைக்கால் மட்டும் வலித்து நடக்கவே மாட்டேன் என்பார்கள். பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகிவிடும். ஆனால் குழந்தையோ பெரியவரோ, தசை வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தாக வேண்டும்.