பலாத்தோப்புக் காட்சியை வெட்டலாமா?

வணக்கம் ஐயா,

தானே புயலைப் பற்றி 12 நிமிடப் படம் ஒன்று எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நேரத்திலும் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ரிட்டென்ஷன் கிராஃபைப் பார்த்தால், பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பில் எடுத்த காட்சியில் கோடு 44 சதவீதத்துக்கும் கீழே கிடக்கிறது. ஆரம்பத்தில் வரும் கடற்கரை டிரோன் காட்சியில்தான் கோடு உயரமாக இருக்கிறது. தோப்பைச் சுருக்கிவிட்டு டிரோன் காட்சியைக் கூட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை. காட்சிப் பட்டியலையும் கிராஃபின் படத்தையும் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மணிவண்ணன், கடலூர் முதுநகர்

அன்புள்ள மணிவண்ணன்,

தோப்பில் கை வைக்காதீர்கள். உங்கள் படத்தில் ஆட்களை நன்றாகப் பிடித்து உட்கார வைத்திருக்கும் காட்சியே அதுதான்.

கோட்டின் உயரத்தை வைத்துக் காட்சியை எடை போட முடியாது. எந்தப் படமானாலும் கோடு பெரும்பாலும் இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டுதான் போகும். முதல் காட்சி உயரமாக இருப்பதற்குக் காரணம், அது முதலில் வருவது மட்டுமே. பார்க்க வேண்டியது சரிவை. ஒரு காட்சி தொடங்கும்போது இருந்தவர்களில் எத்தனை பேர் அது முடியும்போதும் இருக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியைக் காட்சிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேராகக் கேட்டுக்கொண்டே போங்கள்.

தோப்புக் காட்சி 4:00 முதல் 6:30 வரை ஓடுகிறது. கோடு 44-இல் தொடங்கி 41-இல் முடிகிறது. அதாவது அங்கே வந்து சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 93 பேர் இரண்டரை நிமிடமும் நகரவில்லை. நிமிடத்துக்கு மூன்று பேர்கூடக் கழன்றுகொள்ளவில்லை. அதற்கு முன்னால் வரும் வரைபடக் காட்சியை (2:10 முதல் 4:00 வரை) எடுத்துக்கொள்ளுங்கள். 58-இலிருந்து 44-க்கு வருகிறது. நூற்றுக்கு 76 பேர்தான் மிச்சம்; நிமிடத்துக்கு 13 பேர் போயிருக்கிறார்கள். தோப்பில் கோடு தாழ்ந்திருப்பது இந்த வரைபடம் செய்த வேலை. பழி தோப்பின் தலையில் விழுந்திருக்கிறது.

இதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு நிமிடம் தாண்டி வந்தவர்கள் ஏற்கெனவே படத்தில் மனசு வைத்தவர்கள். அதனால் பிற்பகுதிக் காட்சிகளுக்குச் சரிவு இயல்பாகவே குறைவாக இருக்கும். தோப்பு நன்றாக இருப்பது அதனாலோ என்று சந்தேகம் வரலாம். அதைச் சோதிக்க, தோப்புக்கும் பின்னால் வரும் அதிகாரியின் பேட்டியைப் பாருங்கள். 7:20-இல் 40, 9:30-இல் 33. நிமிடத்துக்கு எட்டுப் பேர். இன்னும் பொறுமைசாலிகளே மிஞ்சியிருக்கும் இடத்தில் இவ்வளவு சரிவு என்றால், தோப்பின் மதிப்பு அது நிற்கும் இடத்தால் மட்டும் வந்ததல்ல.

சரி, வரைபடத்தைத் தூக்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2:10 முதல் 2:32 வரை, 22 விநாடியில் கோடு 58-இலிருந்து 49-க்கு விழுகிறது. அதற்குப் பிறகு ஒன்றரை நிமிடத்தில் ஐந்து புள்ளிதான் இறங்குகிறது. வரைபடம் சலிப்பூட்டியிருந்தால் இறக்கம் காட்சி முழுக்கப் பரவியிருக்கும். போனவர்களில் பாதிக்கு மேல் வாசலிலேயே கிளம்பிவிட்டார்கள் என்றால், கோளாறு இரண்டு காட்சிகள் சேரும் ஒட்டில் இருக்கிறது.

அந்த ஒட்டை நான்கு முறை பார்த்தேன். வரைபடத்துக்கு முன்னால் வரும் காட்சியில் பாட்டி அந்தப் புயல் இரவைச் சொல்லிக்கொண்டு வருகிறார். காற்று கதவைத் தள்ளுகிறது, உரலை உருட்டிவந்து முட்டுக் கொடுக்கிறார்கள், ஓடு பறக்கிற சத்தம் கேட்கிறது. அப்புறம், "விடிஞ்சு கதவைத் தொறந்தா ஒரு மரம் நிக்கல." திரை மெல்ல இருண்டு, இசை மாறி, "2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே..." என்று உங்கள் குரல் வருகிறது. பார்ப்பவர் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: விடிந்ததும் என்ன பார்த்தார்கள்? பாட்டி பதில் சொல்லிவிட்டார். திரையும் இருண்டுவிட்டது. கதை முடிந்தது என்று எழுந்து போகிறார்கள்.

என் யோசனை இது. பாட்டியை உரலோடு நிறுத்துங்கள். கதவு மூடியபடியே இருக்கட்டும். திரையை இருட்டாமல் நேராக வரைபடத்துக்கு வெட்டுங்கள். புயல் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் வந்தது என்பதெல்லாம் அப்போது அந்தக் கதவுக்கு வெளியே நடப்பதாகிவிடும். வரைபடத்தை ஒரு நிமிடத்துக்குள் அடக்கிவிட்டுப் பாட்டியிடம் திரும்பி வாருங்கள். "ஒரு மரம் நிக்கல" என்ற வரிக்கு அடுத்த ஷாட்டே தோப்பு. தகவல் எதையும் நீங்கள் இழக்கப்போவதில்லை. அந்த இரவு நானும் புதுச்சேரியில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். காற்று எந்தத் திசையில் திரும்பப் போகிறது என்பதைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. வரைபடம் உள்ளே வர வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்து, 6:50 வாக்கில் கோடு 41-இலிருந்து 45-க்கு ஏறும் மேடு. புதிதாக யாரும் நடுவில் வந்து சேரவில்லை. இருப்பவர்கள் பின்னால் தள்ளி மறுபடி பார்க்கிறார்கள். அந்தப் பார்வையும் கணக்கில் சேர்கிறது. இப்படித்தான் சில வீடியோக்களில் கோடு 100-ஐத் தாண்டிப் போவதும். நீங்கள் பட்டியலில் அந்த நேரத்துக்கு எதிரே "விவசாயி முகம்" என்று எழுதி, நட்சத்திரக் குறி போட்டிருக்கிறீர்கள். முகம் இல்லை என்று நினைக்கிறேன். கைபேசியில் திரையை இரண்டு தட்டுத் தட்டினால் வழக்கமாகப் பத்து விநாடி பின்னால் போகும். அதனால் மேடு, அதற்குக் காரணமான ஷாட்டுக்குச் சற்று முன்பே தொடங்கிவிடும். பத்து விநாடி தள்ளிப் பார்த்தால் 7:00-இல் என்ன இருக்கிறது? அவர் புயலுக்கு முந்தைய வருடத்துக் கணக்கு நோட்டைப் பிரிக்கிறார். எத்தனை மரம், எத்தனை காய், என்ன விலை என்று பென்சிலில் எழுதிய பக்கம். நான்கே விநாடி காட்டுகிறீர்கள். யாராலும் படிக்க முடியாது. மேடு முடிந்ததும் கோடு 40-க்கு, பழைய தடத்துக்கே இறங்கிவிடுவதும் அதையே சொல்கிறது. அந்தப் பக்கத்தை ஒன்பது, பத்து விநாடி நிறுத்துங்கள். அவர் குரலிலேயே இரண்டு வரி படிக்கச் சொல்லிப் பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

நான்கு விநாடி என்றதும் இன்னொன்று. கிராஃபின் தரவை வெளியே எடுத்தால் படம் முழுவதுக்கும் நூறு புள்ளிகள்தான் கிடைக்கும். உங்கள் 720 விநாடிப் படத்தில் ஒரு புள்ளி 7.2 விநாடி. ஐந்து விநாடி ஷாட்டுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கோட்டோடு பொருத்த நீங்கள் பட்ட பாடு தெரிகிறது, ஆனால் அந்த அளவுக்கு நுணுக்கம் அதில் இல்லை. அரை நிமிடத்துக்குக் குறையாத துண்டுகளாகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே என்ன காட்டுகிறது என்று மட்டும் எழுதாமல், அந்த நேரத்தில் பார்ப்பவர் எதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறார் என்றும் தனியாக ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் இடத்தையும் கோடு செங்குத்தாக விழும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாரி பேட்டிக்கு எதிரே என்ன எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

ஏற்கெனவே போட்ட வீடியோவில் யூடியூப் ஸ்டூடியோவிலிருந்தே ஒரு துண்டை வெட்டி நீக்கலாம். காட்சிகளை இடம் மாற்ற முடியாது. ஆகவே புது வெட்டைத் தனி வீடியோவாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் முதல் வாரத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் முதலில் வருபவர்கள் பாட்டியைத் தெரிந்தவர்கள். அவர்கள் எதையும் கடைசிவரை பார்ப்பார்கள். புதிதாக வருபவர்களின் கோட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. அதை வைத்து 2:10 ஒட்டைப் பாருங்கள்.

பாட்டி கதவைத் திறக்கிற மாதிரி ஒரு ஷாட் உங்களிடம் இருக்கிறதா? பட்டியலில் காணவில்லை. இல்லையென்றால் விடிகிற நேரத்தில் ஒரு நாள் போய் எடுத்துவிடுங்கள்.