கேள்வி-பதில்: "விசாலமான வீடு" என்று விளம்பரம் செய்தால் போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் உள்ள எங்கள் மூன்றாம் மாடி வீட்டை 3 கோடியே 80 லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறோம். "விசாலமான 3 அறைகள், 1,250 சதுர அடி, சிறந்த போக்குவரத்து, அமைதியான சூழல், சகல வசதிகளும் உண்டு" என்று விளம்பரம் போட்டோம். தொலைபேசி அழைப்புகள் நிறைய வருகின்றன. வந்து பார்த்தவர்களோ மறுபடி பேசுவதில்லை. உறுதியோடு உள்ள வரைபடத்தில் 98 சதுர மீற்றர் என்று இருக்கிறது. 1,250 என்று போடச் சொன்னவர் தரகர். விளம்பரத்தை எப்படித் திருத்தலாம்?

பதில்: முதலில் அந்த 1,250ஐ எடுத்துவிடுங்கள். ஒரு சதுர மீற்றர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி. ஆகவே 98 சதுர மீற்றர் 1,055 சதுர அடிதான். மேலதிகமான 195 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று தரகரைக் கேட்டுப் பாருங்கள். படிக்கட்டு, லிப்ட், நடைபாதை ஆகியவற்றில் உங்கள் பங்கு என்று ஒரு கணக்கைச் சொல்லக்கூடும். அப்படிச் சேர்ப்பதானால் "பொது இடங்களின் பங்கு உட்பட" என்று எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நடப்பது இதுதான்: 1,250 என்று நம்பி வருபவர் சதுர அடி 30,400 ரூபாய் என்று மனதில் கணக்குப் போட்டிருப்பார், வரைபடத்தைப் பார்த்ததும் அது சுமார் 36,000 ஆகிவிடும். உங்கள் விலை மாறவில்லை, ஆனால் அவர் கண்ணில் ஒரே நிமிடத்தில் சதுர அடிக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஏறிவிட்டது. வங்கிக் கடனில் வாங்குபவராக இருந்தால், மதிப்பீட்டாளர் வரைபடத்தின் அளவையே எடுப்பார் என்பதால், ஒருமுறை ஒத்துக்கொண்ட விலையும் அந்தக் கட்டத்தில் மீண்டும் பேச்சுக்கு வரும்.

"விசாலமான" என்ற சொல்லின் இடத்தில் அறைகளின் அளவை வையுங்கள். அளவு நாடாவைத் தரையோடு வைத்து, பூச்சுச் சுவரிலிருந்து பூச்சுச் சுவர் வரை அளவெடுங்கள். தூண் ஏதாவது உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். சுவரோடு கட்டிய அலுமாரியின் ஆழத்தை அறையின் அளவில் சேர்க்காதீர்கள். அறைகளின் கூட்டுத்தொகை 1,055ஐ எட்டாதது கண்டு பதற வேண்டாம், உட்சுவர்களும் நடைவழியும் அவ்வளவு இடத்தை விழுங்கும். மூன்றில் சிறிய அறையின் அளவையும் மறைக்காமல் போடுவது நல்லது. ஒன்பது அடி அகலமுள்ள அறையில் ஐந்தடிக் கட்டிலைப் போட்டால் நான்கு அடி மிஞ்சும். அதில் இரண்டடி ஆழமுள்ள அலுமாரி வைத்தால் நிற்பதற்கு இரண்டடிதான். பிள்ளைகளுக்கு அந்த அறை போதுமா என்பதை வாங்குபவரே வீட்டிலிருந்தபடி தீர்மானித்துக்கொள்வார், போதாது என்று நினைப்பவர் வரமாட்டார். இந்த வீடுகளைப் பற்றி விசாரிப்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருந்துகொண்டு, இங்குள்ள ஒரு சித்தப்பாவையோ மைத்துனரையோ பார்த்துவரச் சொல்பவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விளம்பரத்தில் உள்ள அளவைத்தான் அந்த மைத்துனர் கையில் நாடாவுடன் வந்து சரிபார்ப்பார்.

போக்குவரத்தைப் பற்றி எழுதும்போது "5 நிமிடத்தில்" என்று மட்டும் போடுவது பயனற்றது. நடந்தா, முச்சக்கர வண்டியிலா, அதிகாலை ஐந்து மணிக்கா என்று தெரியாது. ஒரு வேலை நாளின் காலை ஏழரை மணிக்கு உங்கள் கட்டடத்தின் வாசலிலிருந்து வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கும், பிறகு காலி வீதியின் பஸ் தரிப்பிடத்துக்கும் நீங்களே நடந்து, எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸும் மொரட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க பஸ்ஸும் காலி வீதி வழியே புறக்கோட்டைக்குச் செல்கின்றன என்ற ஒரு வரி, "சிறந்த போக்குவரத்து" என்பதைவிட ஊருக்குப் புதியவருக்கு அதிகம் சொல்லும். ரயில் புறப்படும் நேரங்களை மட்டும் எழுத வேண்டாம், அட்டவணை மாறினால் உங்கள் விளம்பரம் பொய்யாகிவிடும். ஒழுங்கையின் அகலத்தையும், சாமான் ஏற்றும் லொறி வாசல்வரை வருமா என்பதையும் சேருங்கள்; குடிபுகுபவர் கட்டாயம் கேட்கும் கேள்வி அது.

"அமைதியான சூழல்" என்பதை எடுத்துவிடுவதே நல்லது. மரைன் டிரைவுக்கு அப்பால் கடலோரமாக ரயில் பாதை இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்தால் ரயிலின் ஓசை கேட்கும் வீட்டில் அமைதி என்று எழுதினால், வந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு ரயில் போய் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அறையில் கேட்கிறது, எந்த அறையில் கேட்கவில்லை என்று எழுதுங்கள்.

"சகல வசதிகளும்" என்பதில்தான் பேரங்கள் அதிகம் முறிகின்றன. ஜெனரேட்டர் உண்டு என்றால், மின்சாரம் நின்றதும் அது லிப்டுக்கும் பொது விளக்குகளுக்கும் மட்டுமா, வீட்டுக்குள்ளும் வருமா? வாகனத் தரிப்பிடம் உங்கள் உறுதியில் எழுதப்பட்டதா, அல்லது குடியிருப்பாளர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பயன்படுத்துவதா? இன்னொரு வாகனத்தை நகர்த்தினால்தான் வெளியே எடுக்க முடியும் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, நிலுவை உண்டா என்பவற்றுக்குக் கடைசிப் பற்றுச்சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் விளம்பரம் ஏறக்குறைய இப்படி அமையலாம். அறை அளவுகளும் நிமிடங்களும் கட்டணமும் ஒழுங்கை அகலமும் மாதிரிக்கு இட்டவை. உங்களுடையதை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற விவரங்களிலும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாதவற்றைத் திருத்துங்கள்.

"வெள்ளவத்தை, காலி வீதியின் கடற்கரைப் பக்கம். மூன்றாம் மாடி, லிப்ட் உண்டு. வரைபடத்தின்படி 98 சதுர மீற்றர் (1,055 சதுர அடி). ஹோலும் சாப்பாட்டு இடமும் 22 × 14 அடி, படுக்கையறைகள் 13 × 12, 12 × 11, 10 × 9 அடி, குளியலறை இரண்டு. ரயில் நிலையத்துக்கு நடந்து 7 நிமிடம், காலி வீதி பஸ் தரிப்பிடத்துக்கு 3 நிமிடம். ஒழுங்கை 15 அடி; சிறிய லொறி வாசல்வரை வரும். முன் படுக்கையறையில் ரயில் ஓசை கேட்கும், பின் அறைகளில் மிகக் குறைவு. ஒரு வாகனத் தரிப்பிடம், உறுதியில் உள்ளது. ஜெனரேட்டர் லிப்டுக்கும் பொது விளக்குகளுக்கும் மட்டும். பராமரிப்பு மாதம் 12,000 ரூபாய், நிலுவை இல்லை. உறுதி, வரைபடம், மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை வீடு பார்க்க வரும்போது காணலாம். விலை 3 கோடியே 80 லட்சம்."

பழையதைவிட இது நீளமானது; அழைப்புகளும் குறையும், அதைப் பார்த்துத் தரகர் முகம் சுளிக்கலாம். ஆனால் இதையும் படித்துவிட்டு வருபவர் ஹோலின் அளவைத் தெரிந்துகொண்டே கதவைத் தட்டுவார். இன்னொன்று: இந்தப் பத்திரங்களின் படங்களை விளம்பரத்தோடு போடாதீர்கள், அவற்றில் உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கும். வீட்டு இலக்கத்தையும், வருபவரோடு தொலைபேசியில் நேரம் பேசிக்கொண்ட பிறகு மட்டும் கொடுங்கள்.