டிக் அடித்தாயிற்று, ஆனால் கணக்கு முடியவில்லை

கேள்வி: திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மாதக் கணக்கை முடிக்க 34 வரிகளில் ஒரு செக்லிஸ்ட் எழுதி, மாதாமாதம் ஜெராக்ஸ் எடுத்துக் கணக்குப் பையனிடம் கொடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிடுகிறது. ஆனாலும் போன மாதம் ஜி.எஸ்.டி.யில் 4,500 ரூபாய் கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. எந்த வரி விட்டுப்போனது?

பதில்: வரி எதுவும் விட்டுப்போயிருக்காது. ‘பேங்க் பார்த்தாயா, கொள்முதல் பார்த்தாயா’ என்று உங்கள் தாள் கேட்கிறது. பையனும் பார்த்திருப்பான், பார்த்ததற்கு டிக் போட்டிருப்பான். அவன்மேல் தப்பில்லை. டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, அங்கே மூன்று கட்டங்கள் போடுங்கள்: நம் புத்தகத்தில் உள்ள தொகை, வெளித்தாளில் உள்ள தொகை, வித்தியாசம்.

பேங்க் வரியையே எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி நாளில் உங்கள் புத்தகத்தில் 1,84,300 ரூபாய், ஸ்டேட்மென்டில் 1,98,710 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 14,410. நீங்கள் கொடுத்து, வாங்கியவர் இன்னும் பேங்கில் போடாத செக் 15,000. பேங்க் பிடித்துக்கொண்ட, நீங்கள் புத்தகத்தில் எழுதாத கார்டு மெஷின் வாடகை 590. பதினைந்தாயிரத்தில் 590 போனால் அதே 14,410. இந்த இரண்டு காரணங்களையும் பக்கத்தில் எழுதினால்தான் அந்த வரி முடிந்தது. 590-க்கு அன்றைக்கே பதிவு போட்டுவிடலாம். 15,000 செக் மட்டும் அடுத்த மாதத்துக்குப் போகும்.

உங்கள் 4,500-க்கும் இதுதான் கதை என்று நினைக்கிறேன். 18 சதவீத வரியில் 25,000 ரூபாய் சரக்குக்கான ஜி.எஸ்.டி. சரியாக 4,500. சப்ளையர் ஒருவர் பில் கொடுத்திருப்பார், ஆனால் தன் விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏற்றியிருக்க மாட்டார். சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் 2பி பட்டியலில் அந்த பில் இல்லையென்றால், உங்களிடம் பில் இருந்தாலும் கொள்முதலில் கொடுத்த வரியை அந்த மாதம் வரவாக எடுத்துக் கழிக்க முடியாது. புத்தகத்தில் உள்ள வரி வரவு 42,300, 2பி-யில் 37,800 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வைத்திருந்தால், 14-ஆம் தேதியே கண்ணில் பட்டிருக்கும். தொகை கைவிட்டுப்போகவில்லை. அவர் ஏற்றியதும் வரும் 2பி-யில் எடுத்துக்கொள்ளலாம். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-தான் அதற்குப் பொதுவான கெடு. அதற்கு முன்பே ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால், அந்த நாளோடு சரி.

இதில் ஒரு நுணுக்கம். சின்ன சப்ளையர்கள் பலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஜி.எஸ்.டி.ஆர்-1 போடுவார்கள். அவர்கள் காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை, அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் ‘ஐ.எஃப்.எஃப்’ என்ற வசதியில் ஏற்றினால்தான் உங்கள் 2பி-யில் உடனே தெரியும். சப்ளையர் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் பெயர் பக்கத்தில் ‘காலாண்டு’ என்று எழுதி, 10-ஆம் தேதி அவர்களுக்கு போன் போடுவதைத் தனி வரியாகவே வையுங்கள். சப்ளையர் பெயரைச் சொல்லாமல் ‘சப்ளையர்களிடம் கேட்கவும்’ என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜெராக்ஸை விட்டுவிட்டு எக்செலுக்கு வாருங்கள். ஒரு மூலக் கோப்பு, அதில் எந்தத் தொகையும் இருக்கக்கூடாது. மாதம் பிறந்ததும் அதை நகலெடுத்து, B1 கட்டத்தில் கணக்கு முடிக்கும் மாதத்தின் முதல் தேதியைப் போடுங்கள். கெடு தேதிகள் தானாக வரும்:

```
=EOMONTH($B$1,0)+11
=EOMONTH($B$1,0)+14
=EOMONTH($B$1,0)+20
```

முதலாவது ஜி.எஸ்.டி.ஆர்-1, அடுத்தது 2பி பார்க்கும் நாள், கடைசி, வரி கட்டும் ரிட்டர்னான 3பி. எண்ணாக வந்தால் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். டி.டி.எஸ் பிடிப்பவராக இருந்தால் +7 போடலாம். ஆனால் மார்ச் மாதப் பிடித்தத்துக்குக் கெடு ஏப்ரல் 30. அந்த ஒரு மாதம் கையால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாள் தப்பான தேதி காட்டும்.

வரிகளை முக்கியத்துவப்படி அடுக்காமல் நாள்படி அடுக்குங்கள். கடைசி நாள் இரவு கல்லாவை எண்ணுவது முதல் வரி. மறுநாள் காலை வியாபாரம் கலந்துவிட்டால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. சரக்கு முழுவதையும் மாதாமாதம் எண்ணச் சொல்லாதீர்கள், ஹார்டுவேர் கடையில் அது நடக்காத காரியம். வேகமாகப் போகும் 20 அயிட்டங்கள் போதும்.

தாளின் தலைப்பக்கத்தில் ஆறேழு வரி காலியாக விடுங்கள். போன மாதம் முடியாமல் நின்ற வித்தியாசங்கள், பெயரும் தொகையுமாக, அங்கே வந்து உட்கார வேண்டும். அந்த 15,000 செக் மூன்று மாதமாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால், செக்கின் ஆயுள் முடிந்திருக்கும், வாங்கியவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

34 வரியும் வேண்டியதில்லை. தொடர்ந்து ஆறு மாதம் வித்தியாசம் பூஜ்யமாகவே வந்து, அரசுக் கெடுவும் இல்லாத வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிவையுங்கள். கடையில் உண்மையில் ஒரு தப்பு நடந்தால் மட்டும் மூலக் கோப்பில் புதிய வரி சேருங்கள். முதலில் சேர வேண்டியது 10-ஆம் தேதி போன்.