நகைக்கடை கேஸ் ஸ்டடி: ஸ்வாட்டும் ஐந்து விசைகளும் சேரும் இடம்

கேள்வி: எம்பிஏ முதல் வருடம். தள்ளாடும் ஒரு குடும்ப நகைக்கடைக்கு ஸ்வாட், போர்ட்டரின் ஐந்து விசைகள் இரண்டையும் சேர்த்துப் பதில் எழுதச் சொன்னார்கள். இரண்டையும் முழுசாகத்தான் எழுதினேன். "சேரவில்லை" என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். எப்படிச் சேர்ப்பது?

பதில்:

நீங்கள் எழுதியது அநேகமாக இப்படி இருக்கும். பலம்: ஐம்பது வருட நம்பிக்கை. பலவீனம்: குடும்ப நிர்வாகம், விளம்பரம் இல்லை. வாய்ப்பு: ஆன்லைன் விற்பனை. அச்சுறுத்தல்: பெரிய கடைகள். அடுத்த பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் "அதிகம்", "நடுத்தரம்" என்று நிரப்பியிருப்பீர்கள். எதுவும் தப்பில்லை. ஆனால் அதே பதிலில் நகைக்கடையை எடுத்துவிட்டு ஜவுளிக்கடையை வைத்தாலும் ஒரு வரி மாறாது.

நான் வளர்ந்தது அப்படி ஒரு நகைக்கடையில். கும்பகோணம் பக்கம், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய கடை. பின்னால் மாலை நேர எம்பிஏ படித்தபோது எங்களுக்கும் இதே மாதிரி கேள்வி வந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஹார்வர்டு பேராசிரியர் போர்ட்டர் 1979-ல் ஐந்து விசைகளைப் பற்றி எழுதியபோது கேட்டது ஒரு தொழில் முழுவதையும் பற்றிய கேள்வி: இந்தத் தொழிலில் கிடைக்கும் லாபத்தை யார் யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள்? வாங்குபவர், சப்ளையர், போட்டிக் கடைகள், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், இவைதான் அந்த ஐந்து. ஸ்வாட் ஒரே ஒரு கடையைப் பற்றியது. அதனால் முதலில் ஐந்து விசைகளை எழுதுங்கள். அதிலிருந்து வருவதுதான் உங்கள் வாய்ப்பும் அச்சுறுத்தலும், தனியாக யோசிக்க வேண்டாம். அப்புறம் கடையின் ஒவ்வொரு பலத்துக்கும் "இது எந்த விசையைத் தடுக்கிறது?" என்றும், ஒவ்வொரு பலவீனத்துக்கும் "இது எந்த விசைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது?" என்றும் கேளுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடுங்கள்.

இந்தச் சோதனையில் முதலில் அடிபடுவது எல்லோரும் எழுதும் "நம்பிக்கை"தான். ஒரு காலத்தில் நகை சுத்தமா என்று தெரிந்துகொள்ள ஊராருக்கு வழியே இல்லை. உரைகல் கடைக்காரர் கையில் இருந்தது, அவர் சொன்னதுதான் தரம். தெரிந்த கடையை விட்டு வேறு கடைக்குப் போவதே பயமான காரியம். 2021 ஜூனில் பல மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகை என்றால் ஒவ்வொரு நகைக்கும் தனியாக ஆறு எழுத்து எச்யுஐடி எண் இருந்தே ஆக வேண்டும் என்று வந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் போனில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சுத்தத்தைப் பற்றிய நம்பிக்கை கடைக்காரரிடமிருந்து எண்ணுக்குப் போய்விட்டது. அதாவது வாங்குபவரின் பேரம் பேசும் பலம் கூடிவிட்டது, கடை மாறுவதில் இருந்த பயம் போய்விட்டது.

இதே ஹால்மார்க் சின்னக் கடைக்கும் உதவுகிறது. "சின்னக் கடை, என்ன கலந்திருப்பானோ" என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒரே சட்டம் ஒரு விசையில் அச்சுறுத்தல், இன்னொரு விசையில் வாய்ப்பு. இதை எழுதினாலே உங்கள் பதில் சேர ஆரம்பித்துவிடும்.

அடுத்தது வாங்குபவரின் பேரம். தங்க விலை தினமும் அறிவிக்கப்படுகிறது, வாசலில் பலகையிலேயே எழுதியிருக்கும். அதில் யாரும் பேரம் பேசுவதில்லை. பேரம் முழுவதும் செய்கூலி, சேதாரத்தின் மேல்தான். கணக்குக்காக ஒரு பவுன் சங்கிலி, கிராம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராமுக்கு 56,000. கடை 10 சதவீதம் சேதாரம் போடுகிறது, 5,600. செய்து கொடுத்தவருக்குக் கடை கொடுத்த சேதாரம் 5 சதவீதம், 2,800. மிச்சம் 2,800. வாங்க வந்த அம்மா "அங்கே குறைவாகப் போடுறாங்களே அண்ணே, ரெண்டு பர்சன்ட் குறைங்க" என்கிறார். ரெண்டுதானே என்று தோன்றும். அந்த 1,120 ரூபாய் கடையின் பங்கில் 40 சதவீதம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் மீதி 1,680-க்குள். உங்கள் கேஸில் எண்கள் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கை அவசியம் போடுங்கள். "வாங்குபவர் பலம்: அதிகம்" என்பதற்கு ஆதாரம் இதுதான்.

பெரிய கடைகளோடு உள்ள போட்டியில் விளம்பரத்தை மட்டும் எழுதாதீர்கள். அதைவிடப் பெரியது நகைச் சீட்டு. கம்பெனிகள் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் பல சீட்டுகள் 11 மாதத்தில் முடிகின்றன. மாதா மாதம் அங்கே பணம் கட்டுகிறவர் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ உங்கள் கடைக்கு வரப்போவதே இல்லை. அவர் அங்கே ஏற்கெனவே வாங்கி முடித்துவிட்டார்.

இப்போது என் மனசுக்கு நெருக்கமான இடம், சப்ளையர். நான் பார்த்த பதில்களில் எல்லாம் "தங்க விலை ஏற்ற இறக்கம்" என்று ஒரு வரியோடு இது முடிந்துவிடுகிறது. சின்னக் கடைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். மொத்த வியாபாரி நகையைக் கடனாகக் கொடுக்கும்போது பாக்கியைப் பல நேரம் ரூபாயில் எழுதுவதில்லை, கிராமில் எழுதுவார். 100 கிராம் வாங்கினால் 100 கிராமும் அதற்கான சேதாரமும் தங்கமாகத் திரும்பப் போக வேண்டும். நீங்கள் நகையை இன்றைய ரேட்டில் விற்று, அந்தப் பணத்தைக் கடை வாடகைக்கோ பையன் ஃபீஸுக்கோ எடுத்து, ஒரு மாதம் கழித்துக் கட்டித் தங்கம் வாங்கப் போனால், விலை ஏறியிருந்தால் அதே பணத்துக்கு அதே எடை கிடைக்காது. வித்தியாசம் உங்கள் தலையில்.

இது நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சரக்கை ரூபாயில் பார்க்காமல் கிராமில் பாருங்கள். உதாரணத்துக்கு, வருட ஆரம்பத்தில் 2,000 கிராம், கிராம் 6,000 ரூபாய், மதிப்பு 1.20 கோடி. வருடக் கடைசியில் 1,800 கிராம், கிராம் 7,000, மதிப்பு 1.26 கோடி. ரூபாயில் 6 லட்சம் கூடியிருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடை 200 கிராமை இழந்திருக்கிறது. அதைத் திரும்ப வாங்க அந்த வருடக் கடைசி விலைக்கு 14 லட்சம் வேண்டும். கடன் பாக்கி கிராமில் இருந்தால் அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் அப்பா கிராம் கணக்குக்குத் தனி நோட்டு வைத்திருந்தார். இன்றைக்கு எத்தனை கிராம் விற்றதோ அத்தனை கிராமுக்கு அன்று சாயங்காலத்துக்குள் கட்டி வாங்கிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பக்கத்துக் கடைகள் மூடியபோதும் எங்கள் கடை நின்றதற்கு அந்த நோட்டுதான் முக்கியக் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

"குடும்ப நிர்வாகம்" எங்கே வரும் என்பதும் இதில் தெரிந்துவிடும். கல்லாவில் அப்பாவோ சித்தப்பாவோ உட்கார்ந்திருப்பது பலவீனம் இல்லை. சேதாரத்தைக் குறைக்கலாமா என்று யாரையும் கேட்காமல் அங்கேயே முடிவெடுக்க முடியும், அது பலம். வீட்டுக் கல்யாணத்துக்குக் கடையிலிருந்து எழுதாமல் போகும் நகைதான் பலவீனம். கிராம் குறைகிறது, கடன் அப்படியே இருக்கிறது, சப்ளையரின் பிடி இறுகுகிறது. பலவீனம் எது, எந்த விசைக்குக் கதவு திறந்தது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

மாற்றுப் பொருளில் ஒரு விஷயம் மட்டும். சேமிப்புக்காக வாங்குகிறவரையும் போட்டுக்கொள்ள வாங்குகிறவரையும் பிரித்துவிடுங்கள். 2015 முதல் 2024 வரை அரசு வெளியிட்ட தங்கப் பத்திரமும், பங்குச் சந்தையில் வாங்கும் தங்க ஈடிஎஃப்பும் முதல் ஆளைத்தான் இழுக்கும். தாலிக்கு எந்தப் பத்திரமும் மாற்று ஆகாது. அதுவும் தாலி ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு வடிவம், சில குடும்பங்களுக்கே தனி அளவு. சில வீடுகளில் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்குவார்கள், அதற்குத் தெரிந்த பத்தர் வேண்டும். இங்கே மாற்றும் குறைவு, போட்டியும் குறைவு. புதிதாகக் கிளை திறக்கும் கடைக்கு ஷோரூமும் சரக்கும் உண்டு, எந்த வீட்டுக்கு எந்தத் தாலி என்ற விவரம் கிடையாது. "ஐம்பது வருடம்" என்பதில் இன்னும் உயிரோடு இருக்கும் பலம் இதுதான்.

"ஒரு ஊர்க் கடையை வைத்து எல்லாக் கடைக்கும் பேசுகிறாய்" என்று யாராவது கீழே எழுதலாம். எல்லாக் கடைக்கும் பேசவில்லை. வைர வியாபாரம், நகரத்து ஷோரூம் கணக்கு வேறு. கேள்வியில் இருப்பது தள்ளாடும் குடும்பக் கடை, அதைத்தான் சொல்கிறேன். பேராசிரியர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லவில்லை. "சேரவில்லை" என்று உங்களுக்கு எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன்கள் பாதிப் பேர். பட்டறை வைத்திருப்பவர் மகன், அரிசி மண்டிக்காரர் மகன் எல்லாம் இருந்தார்கள். கணக்கும் வியாபாரமும் அவர்களுக்கு விரல் நுனியில். அவர்களிடம் ஜெராக்ஸ் எடுத்த ஆங்கில ஸ்லைடுகளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். ஐந்து கட்டம் அழகாகப் போட்டவனுக்கு மார்க், மண்டியின் கடன் சுழற்சியை உடைந்த ஆங்கிலத்தில் எழுதியவனுக்குப் பாஸ் மார்க்குக்கே இழுபறி. வியாபாரம் தெரிந்த பிள்ளைகளை வியாபாரப் பாடத்தில் தலைகுனிய வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, உங்கள் பதிலுக்கு வருகிறேன். பரிந்துரைப் பகுதியில் ஆன்லைன், இன்ஸ்டாகிராம் என்று பத்து யோசனை வேண்டாம். மூன்று போதும், ஒவ்வொன்றும் ஒரு விசைக்குப் பதிலாக இருக்கட்டும். சப்ளையருக்கு எதிராக, விற்ற எடையை அன்றே திரும்ப வாங்குவதும், வீட்டுக்குப் போகும் நகையை கிராமில் பற்று எழுதுவதும். போட்டிக்கு எதிராக, பெரிய கடையின் சரக்கோடு மோதாமல், விற்காமல் கிடக்கும் கனமான ஆரங்களை உருக்கிக் கடன் பாக்கியை அடைத்துவிட்டு, அந்த மாதிரி நகையை ஆர்டர் வந்தால் மட்டும் வரவழைப்பது. வாங்குபவரின் பேரத்துக்கு எதிராக, தாலி, குழந்தைக் காப்பு, பழைய நகையை மாற்றிச் செய்வது போன்ற ஆர்டர் வேலைக்குக் கடையைத் திருப்புவது. அந்த வேலையில் பக்கத்துக் கடையின் சேதாரத்தோடு ஒப்பிடுவது கஷ்டம்.

கடைசி வரியில் எல்லையையும் எழுதிவிடுங்கள். ஆர்டர் வேலைக்குப் பத்தர் வேண்டும், பத்தர்களின் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. உங்கள் கேஸில் கடையின் பத்தருக்கு என்ன வயது, அவருக்குப் பின் யார் என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் சப்ளையர் பகுதியிலேயே சேர்த்துவிடுங்கள். அவரும் ஒரு சப்ளையர்தான்.