குடும்ப குரூப்பில் ஓடிய சர்வே

கேள்வி: என் கணவரின் சித்தப்பா ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு கோவையில் கேழ்வரகு தோசை மாவு பாக்கெட் விற்கப் போகிறார். நான் மார்க்கெட் ரிசர்ச்சில் இருப்பதால் சர்வே என் பொறுப்பு, ஃபீஸும் தருகிறார். ‘ஆரோக்கியமான, கெமிக்கல் இல்லாத கேழ்வரகு மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?’ என்று தொடங்கும் எட்டு கேள்விகளைக் குடும்ப குரூப்பிலும் அபார்ட்மென்ட் குரூப்பிலும் போட்டேன். 43 பேரில் 39 பேர் வாங்குவோம் என்கிறார்கள். போதுமா, இன்னும் ஐம்பது பேரைச் சேர்க்கணுமா?

பதில்: குடும்ப குரூப் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். மாவு யாருடையது என்று அந்த குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு ஒரு கல்யாணத்தில் அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள், வாங்க மாட்டேன் என்று எழுதுவார்களா? அவர்கள் அவருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள், நீங்கள் அதை எண்ணி டிமாண்ட் என்று பேர் வைத்திருக்கிறீர்கள். வெளி கிளையன்ட் என்றால் இப்படிச் செய்திருப்பீர்களா?

அதே இடத்தில் இன்னும் ஐம்பது பேரைச் சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய ஜனாதிபதித் தேர்தல் சர்வேக்கு இருபது லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. லாண்டன்தான் ஜெயிப்பார் என்றார்கள், ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலுக்கே பெரும்பாலும் சீட்டு போயிருந்தது, திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். ஆளை எடுத்த இடம் தப்பென்றால் எண்ணிக்கை காப்பாற்றாது.

அப்புறம் அந்த முதல் கேள்வி. ஆரோக்கியம், கெமிக்கல் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டால், வேண்டாம் என்பவர் கெட்ட மாவு கேட்பவர் மாதிரி ஆகிவிடுகிறார். ‘வாங்குவீர்களா’ என்பதற்கு ஆமாம் என்று சொல்லக் காசு செலவில்லை. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: போன ஏழு நாளில் கடையில் மாவு வாங்கினீர்களா, எத்தனை முறை, கடைசியாக எவ்வளவு கொடுத்தீர்கள், வீட்டில் கேழ்வரகு தோசை கடைசியாக எப்போது சுட்டீர்கள். கேழ்வரகு என்ற பேச்சே கடைசியில்தான் வர வேண்டும், முன்னாடியே சொன்னால் மற்ற பதில்களும் அந்தப் பக்கம் சாயும். விலையையும் சொல்லி, சாதா மாவுக்குப் பக்கத்தில் வைத்து, எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அனுப்புவதற்கு முன் தெரியாத ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், எங்கே தடுமாறுகிறார்களோ அந்தக் கேள்வியைத் திருத்துங்கள்.

ஆட்களுக்கு, வேறு வேறு ஏரியாவில் நாலு மளிகைக் கடைகள் போதும். மாவு ஃப்ரிட்ஜ் பக்கம் மட்டும் நிற்காமல், காலையிலும் சாயங்காலமும் கடையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்திக் கேளுங்கள். யார் முகம் சிரித்த முகம் என்று பார்த்துப் பொறுக்காதீர்கள். மறுத்தவர்களையும் குறித்து வையுங்கள், பாதிப் பேர் மறுத்திருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் வர வேண்டும். இப்படி நூறு பேர் கிடைத்தாலும் சதவீதம் பத்துப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம், அதற்கு மேல் துல்லியம் கேட்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர் ஆயுசுக்கும் சேர்த்த காசு அது. அவர் மனம் நோகும் என்று வாயை மூடிக்கொள்வது பாசம் இல்லை, ஃபீஸ் வேறு வாங்குகிறீர்கள். கிரைண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா? இல்லையென்றால் இன்றைக்கே போய், அந்த 39 கணக்கில் சேராது என்று நேரில் சொல்லுங்கள்.